தெரு விலங்குகளுக்குத் தண்ணீர் வைக்கும் வீடியோ: ஒரு நிமிடப் படத்தைச் சரியாக எடுப்பது எப்படி

போன ஏப்ரலில் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவுக்காக ஒரு வீடியோ எடுத்தேன். மாலை வெயிலில் புது மண்சட்டி, அதில் தண்ணீர் ஊற்றும் ஒரு கை, கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும் செம்பழுப்பு நாய் எழுந்து வந்து குடிக்கிறது, பின்னால் மெல்லிய இசை. நாற்பது வீட்டில் முப்பது பேராவது இதயம் போட்டார்கள், மூன்று பேர் ஆளுக்கொரு சட்டி வாங்கிவந்து வைத்தே விட்டார்கள். பன்னிரண்டாம் நாள் முதல் மாடி அம்மா ஒரு போட்டோவை அதே குழுவில் போட்டார். இரண்டு சட்டியில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது, ஒன்று காய்ந்து தூசி படிந்து கிடந்தது. "என் பேரனுக்குப் போன வருஷம்தான் டெங்கு வந்துச்சு, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மட்டும் எழுதியிருந்தார். மறுநாளே எல்லாச் சட்டியையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான். என் வீடியோ சட்டியை வைக்கச் சொன்னது, கழுவ வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை.

அதே மாதக் கடைசியில், கத்திரி தொடங்குவதற்கு முன்னால், இரண்டாவது வீடியோ எடுத்தேன். அது ஒரு நிமிடம். அதில் சட்டி கழுவுவதுதான் நடுநாயகம், நாய் குடிப்பது அதற்குப் பிறகுதான். அந்த இரண்டாவது வீடியோவை எப்படி எடுத்தேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். சென்னையில் நங்கநல்லூர் பக்கம் ஒரு தெருவில், ஒரே ஒரு போனை வைத்து எடுத்தது. வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.

கேமராவுக்கு முன்னால் சட்டி

வீடியோ எடுக்கும் நாளில் புதுச்சட்டியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்பே வைத்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணம். புதிதாக ஒரு பொருள் வந்தால் தெருநாய் உடனே நெருங்காது, மோந்து பார்த்துச் சுற்றிப் போய்விடும், நம்பிக்கை வர மூன்று நான்கு நாளாகும். இன்னொன்று, அந்த ஒரு வாரத்தில்தான் நீங்கள் தேர்ந்த இடமும் சட்டியும் சரியா என்பது உங்களுக்கே தெரியவரும். தப்பான இடத்தில் வைத்ததைப் படம்பிடித்து நாற்பது வீட்டுக்கு அனுப்பினால் நாற்பது பேரும் அதே தப்பைச் செய்வார்கள், எனக்கு நடந்தது அதுதான்.

பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். லேசாக இருப்பதால் ஒரு காகம் விளிம்பில் உட்கார்ந்தாலே கவிழ்ந்துவிடும், குட்டிநாய்கள் கடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். எவர்சில்வர் பாத்திரம் வெயில் பட்டால் கை வைக்க முடியாதபடி சுடும், அதில் உள்ள தண்ணீரை எந்த நாயும் தொடாது. மண்சட்டி நல்லது, சுவரில் நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் குறையும், முதல் நாள் நிறையவே குடித்துவிடும், அதனால் வைப்பதற்கு முந்தைய இரவு ஒரு வாளித் தண்ணீரில் முழுக ஊறப்போடுங்கள். சிமெண்ட் தொட்டிதான் தெருவுக்கு மிகவும் தோதானது, கனமாக இருப்பதால் நகராது. அதில் ஒரு சிக்கல், புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கும், தொட்டால் வழவழவென்று இருக்கும். நான்கைந்து நாள் தண்ணீர் நிரப்பிவைத்து, தினமும் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி, அந்த வழவழப்பு போன பிறகே வெளியே வையுங்கள். எங்கள் தெருவில் இப்போது இருப்பது சிமெண்ட் தொட்டி, ஐந்து லிட்டர் பிடிக்கும், ஆழம் நான்கு விரல் அளவு.

ஆழம் ஏன் முக்கியம் என்றால் அணில், ஓணான், சிட்டு எல்லாம் அதே தொட்டிக்குத்தான் வரும். ஆழமான வாளியில் அணில் விழுந்தால் வழுக்கும் சுவரில் ஏறவே முடியாது, செத்துப்போகும். தொட்டிக்குள் ஒரு அரைச் செங்கல்லைப் போட்டுவையுங்கள், அதன் மேல் பக்கம் தண்ணீருக்கு வெளியே தெரிய வேண்டும். பறவைக்கு உட்கார இடம், விழுந்ததற்கு ஏறிவர வழி, இரண்டும் அதிலேயே கிடைத்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் என்று கேட்பார்கள். பதினைந்து கிலோ எடையுள்ள ஒரு தெருநாய் சாதாரண நாளிலேயே சுமார் ஒரு லிட்டர் குடிக்கும், மே மாதத்தில் அதைவிடக் கூடும். எங்கள் தெருவில் நிரந்தரமாக இருப்பவை நான்கு நாய், காலையில் ஒருமுறையும் மூன்று மணிக்கு ஒருமுறையும் நிரப்பினால் போதுகிறது. மாடு வரும் தெருவாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒரு மாடு கோடையில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது லிட்டருக்கு மேலேயே குடிக்கும், உங்கள் சட்டியை ஒரே உறிஞ்சில் காலி செய்துவிட்டு நிற்கும், அதற்குத் தனியாக ஒரு பெரிய தொட்டிதான் வழி. பழைய கிராமத்துச் சாலைகளில் மாடு உடம்பை உரசிக்கொள்ள நட்ட ஆவுரிஞ்சுக் கல்லுக்குப் பக்கத்தில் கல்தொட்டி கட்டிவைத்தவர்களுக்கு இந்த அளவு நன்றாகத் தெரிந்திருந்தது. பூனைக்கும் தனி ஏற்பாடு வேண்டும், நாய் வந்துபோகும் சட்டிக்கு அது வராது, காம்பவுண்டு சுவர் மேலேயோ மாடிப்படிக்குக் கீழே நாய் நுழைய முடியாத மூலையிலோ ஒரு சின்னக் கிண்ணம் வைத்தால் ராத்திரி வந்து குடித்துவிட்டுப் போகும்.

இடம். நண்பகல் முழுக்க நிழல் இருக்கும் சுவரோரம். காலை பத்து மணிக்கு நிழலாக இருப்பது பன்னிரண்டு மணிக்கு வெயிலாகிவிடும், ஆகவே ஒருநாள் மதியம் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கேட் வாசல், குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வண்டி திரும்பும் முனை இவற்றிலிருந்து தள்ளி இருக்கட்டும். 2023-ல் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், நாய்களுக்கு உணவு வைக்கும் இடம் விளையாட்டுத் திடல், நுழைவாயில், படிக்கட்டு ஆகியவற்றுக்கு அருகில் இருக்கக் கூடாது என்கின்றன. தண்ணீருக்கும் அதையே பின்பற்றிவிட்டால் சண்டைக்கே இடமில்லை. உணவு விஷயத்தில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும், 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் நாய்களுக்கு உணவு போடக் கூடாது, வார்டு தோறும் அதற்கென்று ஒதுக்கும் இடத்தில்தான் போட வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால் உங்கள் வீடியோவில் பிஸ்கட் பாக்கெட், சாதம், பிரியாணி எதுவும் தெரியவேண்டாம், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். வீடியோ எடுப்பதற்காக நாயை வரவழைக்கக்கூட பிஸ்கட் காட்டாதீர்கள், அது சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, பிஸ்கட்டுக்கு வரும் நாய் உங்கள் கையைப் பார்க்குமே தவிர தண்ணீரைத் தொடாது, உங்களுக்கு வேண்டிய ஷாட்டும் கிடைக்காது.

கழுவுவது ஏன் நடுவில் வர வேண்டும்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரின் நடுவில் முட்டை போடாது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டவைத்துவிட்டுப் போகும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்தபடியே உயிரோடு கிடக்கும், மறுபடி நீங்கள் நிரப்பும்போது நனைந்து பொரிக்கும். நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். ஆக, பழைய தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றுவதும், கொட்டிவிட்டு அப்படியே நிரப்புவதும் போதாது. தேங்காய் நாரோ பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷோ வைத்து உள்சுவரை, முக்கியமாக விளிம்புக்குக் கீழே இருக்கும் அந்த வளையத்தை, அழுத்தித் தேய்க்க வேண்டும். தினமும் தேய்ப்பது நல்லது, முடியாதென்றால் வாரத்துக்கு இரண்டு முறையாவது. சோப்பு வேண்டாம், பாசி வழுக்கல் போக ஒரு பிடி மணலோ கல்லுப்போ போட்டுத் தேய்த்து இரண்டு முறை அலசினால் போதும். சமையலறை சிங்க்கில் கழுவாதீர்கள், ராத்திரியில் எலியும் அந்தத் தொட்டிக்கு வந்திருக்கும், எலிச் சிறுநீர் வழியாகக் காய்ச்சல் பரவும். தெருக்குழாயடியில் கழுவிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இது புரிந்துவிட்டால் வீடியோவின் கதை தானாக வந்துவிடும். முதல் மாடி அம்மாவை மனதில் வைத்துக்கொண்டுதான் நான் எழுதினேன். ஏற்கெனவே நாயைப் பிடிக்கும் என்கிறவர்களுக்கு வீடியோவே தேவையில்லை, ஒரு சட்டி வாங்கித் தந்தால் போதும். தயங்குகிறவருக்கு மூன்று கேள்வி இருக்கும்: கொசு வருமா, நாய் கூடுமா, கடிக்குமா. ஒரு நிமிடத்தில் மூன்றுக்கும் பதில் தெரிய வேண்டும், அதுவும் வாதமாக இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் செயலாக.

அறுபது நொடி, எட்டு ஷாட்

நான் எடுத்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நான்கு நொடி, மதியம் ஒரு மணித் தார்ச்சாலை மேல் ஒரு மனிதக் கை, புறங்கையை வைத்து அழுத்துகிறது, ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிடுகிறது. எழுத்து: "நம்மால் ஐந்து நொடி தாங்க முடியவில்லை." நாய் இந்தச் சாலையில் வெறும் பாதத்தோடு நடக்கிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. முதல் வீடியோவில் நாக்குத் தொங்கி மூச்சு வாங்கும் நாயோடு தொடங்கியிருந்தேன், அதை இப்போது நீக்கிவிட்டேன், ஏன் என்று கீழே வருகிறது.

அடுத்த ஐந்து நொடி, காருக்கு அடியில் நிழலில் படுத்திருக்கும் நாய். அதன் பிறகு பதினைந்து நொடி முழுக்கக் கழுவும் காட்சி: பழைய தண்ணீரைச் செடியில் கொட்டுவது, தேங்காய் நாரால் உள்விளிம்பைத் தேய்ப்பதை மிக அருகில், அலசுவது, புதுத் தண்ணீர், செங்கல்லை உள்ளே வைப்பது. இங்கேதான் எழுத்து: "தினமும் கொட்டு, தேய், நிரப்பு. கொசுவுக்கு ஏழு நாள் வேண்டும், நாம் ஒரு நாள்கூடத் தரவில்லை." இந்தப் பதினைந்து நொடியைக் குறைக்கச் சொல்லி இரண்டு பேர் சொன்னார்கள், நான் குறைக்கவில்லை.

பிறகு எட்டு நொடி, தொட்டியை வைத்துவிட்டு நடந்து தள்ளிப்போகும் கால்கள், நாய் வருகிறது. அடுத்த எட்டு நொடி ஸ்லோ மோஷனில் குடிப்பது. நாய் குடிக்கும்போது நாக்கை முன்னால் வளைப்பதில்லை, பின்னோக்கி மடித்து ஒரு கரண்டிபோலத் தண்ணீரை மேலே இழுக்கிறது. சாதாரண வேகத்தில் இது தெரியவே தெரியாது, போனில் நொடிக்கு 120 படம் என்று வைத்து எடுத்தால் அவ்வளவு அழகாகத் தெரியும். அந்த ஷாட்டை எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. அடுத்த ஐந்து நொடி நாயின் காது, நுனியில் சின்ன வெட்டு. அது கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதற்கு அடையாளம். எழுத்து: "காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆன நாய். இல்லாத நாய்க்கு மாநகராட்சி 1913-ல் சொல்லுங்கள்." நாய் கூடிவிடும் என்ற பயத்துக்கு இதுதான் பதில். தண்ணீர் வைக்காமல் விட்டால் நாய் குறையும் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஐந்து நொடி வேலை செய்தது.

ஏழாவது, பத்து நொடியில் மூன்று சின்னப் பழக்கம், அதைத் தனியாகச் சொல்கிறேன். கடைசி ஐந்து நொடி, லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிய தாள்: ஏழு கிழமை, யார் என்றைக்குக் கழுவுகிறார்கள் என்று வீட்டு எண் எழுத ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காலி இடம்.

மூன்று பழக்கம்

ஒரு வீடியோவில் பத்துப் பழக்கம் சொன்னால் ஒன்றும் நிற்காது. எங்கள் தெருவில் உண்மையாக எது நடக்கிறதோ அதிலிருந்து மூன்றை எடுத்தேன்.

ஒன்று, வண்டி எடுக்கும் முன் பானெட்டை இரண்டு தட்டு, குனிந்து டயர் பக்கம் ஒரு பார்வை. கோடையில் நாய்க்குக் கிடைக்கும் ஒரே நல்ல நிழல் காரின் அடிதான், பூனைக்குட்டி இன்னும் உள்ளே ஏறி டயர் மேல் படுத்திருக்கும். சாவியோடு வரும் கை பானெட்டைத் தட்டுவது, அடியிலிருந்து நாய் மெதுவாக எழுந்து வெளியே வருவது, இதை ஒரே ஷாட்டில் எடுத்தால் விளக்கமே வேண்டாம். ஆனால் உண்மையில் ஒருநாள் நாய் படுத்திருக்கும்போது காத்திருந்து எடுங்கள், நாயை அடியில் தள்ளி நடிக்கவைக்க முடியாது, முயலவும் கூடாது.

இரண்டு, தூங்குகிற நாயையும் குடிக்கிற நாயையும் தாண்டாமல் சுற்றிப் போவது. தெருநாய்க் கடியில் நிறைய இப்படித்தான் நடக்கிறது, திடுக்கிட்டு விழிக்கும் நாய் வாயால்தான் பதில் சொல்லும். ஒரு குழந்தை பள்ளிப் பையோடு ஓடிவந்து, நாயைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, இரண்டு கை தள்ளி நடந்து போவதை எடுத்தேன். குழந்தையின் முகம் தெரியாமல் பின்பக்கமிருந்து, அதுவும் அம்மாவிடம் கேட்டுவிட்டு.

மூன்று, பார்க்கிங் நிழலிலிருந்து மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை விரட்டாமல் இருப்பது. எங்கள் வாட்ச்மேன் அண்ணனிடம் இதைப் பேசினபோது, "கம்பு எடுக்கலன்னா என்னையத்தான் கேப்பாங்க சார்" என்றார். அவர் மேல் குற்றமில்லை, வீட்டுக்காரர்கள் சொல்வதைத்தான் அவர் செய்கிறார். அதனால் அந்த வரியை அவரைப் பார்த்துச் சொல்லாமல் குடியிருப்பவர்களைப் பார்த்து எழுதினேன்: "மதியம் விரட்டச் சொல்லாதீர்கள்."

படம் எடுக்கும் நேரமும் விதமும்

காலை ஆறரையிலிருந்து எட்டு, மாலை நான்கரையிலிருந்து ஆறு. நாய்கள் எழுந்து நடமாடிக் குடிக்க வரும் நேரமும் அதுதான், வெளிச்சம் சாய்வாக வந்து தண்ணீர் மின்னுவதும் அப்போதுதான். மதியத்தில் எடுத்தால் கறுப்பு நாய் வெறும் நிழல் உருவமாகத் தெரியும், சிமெண்ட் தரை வெள்ளையாக வெளுத்துவிடும். தார்ச்சாலைக் கை ஷாட் மட்டும் மதியத்தில் எடுத்தாக வேண்டும். திரையில் நாயின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், ஐபோனில் `AE/AF LOCK` என்று வரும், இல்லாவிட்டால் நாய் நகரும்போதெல்லாம் படம் வெளுத்தும் கறுத்தும் துடிக்கும்.

போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தரையைத் தொடும் அளவுக்கு இறக்குங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் நாயின் முதுகுதான் தெரியும், தண்ணீரும் முகமும் சேர்ந்து தெரிய வேண்டுமென்றால் லென்ஸ் நாயின் கண் உயரத்துக்கு வர வேண்டும். குனிந்து பக்கத்தில் போய் நிற்காதீர்கள். நான் செய்தது இதுதான்: தொட்டிக்கு மூன்றடி தள்ளி இரண்டு செங்கல்லுக்கு நடுவே போனை நிறுத்தி, ரெக்கார்டு போட்டுவிட்டு, பதினைந்து அடி தள்ளிப்போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். முதல் காலை வந்தது காகம் மட்டும். இரண்டாம் நாள் நாய் வந்து போனை மோந்து பார்த்துத் திரையெல்லாம் மூக்கு ஈரமாக்கிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கு வந்து ஒன்றரை நிமிடம் நின்று குடித்தது. அதில் எட்டு நொடி எனக்குப் போதுமானதாக இருந்தது. ஃபிளாஷ் போடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், குட்டி போட்ட நாய் இருக்கும் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் ஆவலாகக் குடிக்க வேண்டும் என்பதற்காகத் தொட்டியைக் காலியாக வைத்துத் தாகத்தோடு காத்திருக்கச் செய்வது, ஒருமுறை குடித்ததும் இழுத்துக்கொண்டு மறுபடி வைப்பது, இப்படி எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருணையைப் பற்றிய வீடியோவுக்காக ஒரு விலங்கைத் தாகத்தில் நிறுத்துவது அநியாயம். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், ஷாட் கிடைக்காவிட்டால் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வீடியோவில் மூச்சு வாங்கும் நாயை வைத்திருந்தேன் என்றேன் அல்லவா. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும், அதனால் வேகமான மூச்சு மட்டும் இருந்தால் கோடையில் அது இயல்புதான். ஆனால் ஈறு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாக ஒழுகி, நடை தள்ளாடி, கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால் அது வெப்பத் தாக்கு. அப்படி ஒரு நாய் எதிரே இருந்தால் போனைப் பையில் போடுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், வயிறு, தொடையிடுக்கு, பாதங்களில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, அட்டையோ துண்டோ கொண்டு விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தேவையில்லை, மயங்கிக்கிடக்கும் நாயின் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பும் இருக்கின்றன, உங்கள் வீட்டிலிருந்து எது பக்கம், எப்படிப் போவது என்பதைக் கோடை தொடங்கும்போதே குறித்துவையுங்கள். கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகி, தலையோ காலோ தானாக வெட்டிவெட்டி இழுக்கும் நாயைப் பார்த்தால் அது டிஸ்டெம்பராக இருக்கலாம், மற்ற நாய்களுக்குப் பரவும், அன்றைக்கே பொதுத்தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எழுத்து, குரல், அனுப்புவது

குழு வீடியோவைப் பெரும்பாலானோர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், ஆகவே எழுத்து இல்லாமல் முடியாது. தமிழ்ச் சொற்கள் நீளம், ஒரு நேரத்தில் ஆறு சொல்லுக்கு மேல் போடாதீர்கள், மூன்று நொடியாவது நிற்கட்டும். வீட்டில் பெரியவர் ஒருவரிடம் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், அவர் முடிப்பதற்குள் மறைந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். எடிட்டிங் ஆப்பில் வரும் சில அலங்கார எழுத்துருக்களில் "கொ", "கௌ" எல்லாம் கொம்பு இடம்மாறி உடைந்துபோகும், புள்ளி காணாமல் போகும். Noto Sans Tamil போட்டால் இந்தத் தொல்லை இல்லை. வெள்ளை எழுத்து, கறுப்பு ஓரம், திரையின் மேல்பாதியில். கீழே வைத்தால் தொட்டியையே மறைக்கும்.

பின்னணி இசையை இரண்டாவது வீடியோவில் விட்டுவிட்டேன். நாய் குடிக்கும் சத்தம், நார் சிமெண்டில் உரசும் சத்தம், தூரத்துக் காகம், இவை போதும். குரல் சேர்க்க வேண்டுமென்றால் துணி நிறைந்த அலமாரியைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துப் பேசுங்கள், எதிரொலி இருக்காது. உங்கள் வீட்டுப் பேச்சிலேயே பேசுங்கள், செய்தி வாசிப்பதுபோல வேண்டாம்.

படம் நெடுக்குவாக்கில் இருக்கும்படியே எடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது `HD` என்பதைத் தொட்டுவிட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் அழுத்திச் சுருக்கியதில் தண்ணீரே மங்கலாகிவிடும். குழுவைத் தாண்டி வெளியே பகிர்வதாக இருந்தால் அபார்ட்மெண்ட் பெயர்ப்பலகை, தெருப்பலகை, வண்டி எண் எல்லாம் தெரிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். இங்கே நாய்க்குத் தண்ணீர் வைக்கிறார்கள் என்று தெரிந்தால் ராத்திரியில் குட்டிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி வரும். எங்கள் குழுவில் வந்த முதல் கேள்வி, "அந்தத் தொட்டியைத் தொட்டால் ரேபிஸ் வருமா?" ரேபிஸ் வருவது கடித்தாலோ பிராண்டினாலோ, நாயின் எச்சில் காயத்திலோ கண், வாயிலோ பட்டாலோதான், அப்படி நடந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும், தொட்டியைக் கழுவுகிறவருக்குக் கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை போட்டுக்கொள்ளட்டும் என்று எழுதினேன். இந்தப் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள், இரண்டு மணி நேரம் பதில் வராவிட்டால் பயம் பரவிவிடும்.

வீடியோ போன அன்று மாலை லிஃப்ட் பக்கத் தாளில் ஐந்து கிழமைக்கு ஆள் கிடைத்தது. சனி, ஞாயிறு எனக்கு. மூன்றாவது வாரம் முதல் மாடி அம்மா கீழே இறங்கிவந்து, தொட்டிக்குள் விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "புதன்கிழமை யாரு? சரியாத் தேய்க்கல, வழுக்குது" என்றார். புதன்கிழமை இப்போது அவருடையது.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை இந்த வருடம்தான் கற்றுக்கொண்டேன். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் தெருவெல்லாம் தண்ணீர், தொட்டியை யாரும் கவனிப்பதில்லை, டெங்கு கூடும் காலமும் அதுதான். அதனால் வீடியோவின் கடைசி எழுத்தாக இதைச் சேர்த்து மறுபடி அனுப்பினேன்: "மழை தொடங்கிய அன்று தொட்டியைத் தேய்த்துக் காயவைத்துக் கவிழ்க்கவும். பிப்ரவரியில் மறுபடி எடுப்போம்."